பூஜ்ஜியம் என்று எழுதிய வரி

ஜெயசுதாவுக்கு அந்தத் திங்கட்கிழமை நல்லபடியாக விடியவில்லை. வடக்கனந்தலிலிருந்து ஒற்றைக்காலில் நின்றுகொண்டே பஸ்ஸில் கள்ளக்குறிச்சி வந்து, வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்ட மை காய்வதற்குள், துறைத்தலைவர் தெய்வசிகாமணி ஒரு தாளை நீட்டிவிட்டார்.

"பாருங்க மேடம், உங்க பசங்க லட்சணத்த."

ஜெயசுதா அந்த அரசுக் கல்லூரியில் கணினித் துறையின் கௌரவ விரிவுரையாளர். பேரில்தான் கௌரவம். வருஷா வருஷம் ஜூன் மாதம் வந்தால், மறுபடி எடுத்துக்கொள்வார்களா மாட்டார்களா என்று வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். எடுத்துக்கொள்ளலாம் என்று எழுத வேண்டியவர் இதே தெய்வசிகாமணிதான். அதனால் அவர் எதை நீட்டினாலும் இரண்டு கையாலும் வாங்கிப் பழகியிருந்தாள்.

தாளில் முதல் வருஷப் பிள்ளைகள் நாற்பத்தாறு பேரின் பெயர்கள். அவர்களுக்கு ஜெயசுதா கொடுத்திருந்த அசைன்மென்ட் ரொம்பச் சின்னது. ஏழு நாள் வெப்பநிலையை ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கி, அதில் எது மிகக் குறைவு என்று சொல்லும் பைத்தான் ப்ரோகிராம். ஒவ்வொரு வரிக்கும் மேலே, அந்த வரி என்ன செய்கிறது என்று ஒரு கமெண்ட் எழுதியிருக்க வேண்டும். கமெண்ட் என்பது கம்ப்யூட்டருக்காக எழுதுவது அல்ல, அது அந்த வரியைத் தாண்டிப் போய்விடும். படிக்கிற மனுஷருக்காக எழுதுவது.

தெய்வசிகாமணி நாற்பத்தாறையும் ஒரு வெப்சைட்டில் போட்டுப் பார்த்திருக்கிறார். இது மனுஷன் எழுதியதா, ஏஐ எழுதிக் கொடுத்ததா என்று நூற்றுக்கு இத்தனை என்று சொல்லுமாம். பதினொரு பெயர்களுக்குப் பக்கத்தில் சிவப்பு, அதாவது ஏஐ எழுதியது. அந்தப் பதினொன்றில் முதல் பெயரைப் பார்த்ததும் ஜெயசுதாவுக்குச் சுருக்கென்றது.

செவ்வந்தி. தொண்ணூற்றேழு.

"இவளா சார்?"

"அவளேதான். சிவப்பு வந்தவங்களுக்கு இன்டர்னல்ல ஜீரோ. ஒத்துக்கிட்டு திருப்பி எழுதிக் கொடுத்தா பாதி மார்க். ஒத்துக்கலன்னா வூட்டுலேர்ந்து ஆள் வரணும். நம்ம மீட்டிங்ல போட்ட முடிவுதானே?"

முடிவு போட்ட மீட்டிங்கில் ஜெயசுதாவும் உட்கார்ந்திருந்தாள், தலையும் ஆட்டியிருந்தாள். இப்போது என்ன பேசுவது?

பத்துப் பேர் விஷயம் பத்து நிமிஷத்தில் முடிந்தது. அதற்கு வெப்சைட்டே தேவையில்லை, அவளுக்கே தெரிந்தது. கலையரசன் கொண்டுவந்த ப்ரோகிராமைப் பார்க்கணுமே! ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ய வைக்கிற ஃபார் லூப்பையே வகுப்பில் இன்னும் தாண்டவில்லை. இவன் அடுத்த யூனிட்டில் வரப்போகிற ஃபங்ஷனை எழுதியிருக்கிறான். யாராவது எண்ணுக்குப் பதில் எழுத்தைத் தட்டிவிட்டால் ப்ரோகிராம் நின்றுபோகாமல் இருக்க ட்ரை, எக்ஸெப்ட் என்று ஏற்பாடு வேறு.

"இது இன்னாடா?" என்று அந்த இடத்தில் விரல் வைத்துக் கேட்டாள்.

கலையரசன் கொஞ்ச நேரம் பார்த்தான். "ஒரு பாதுகாப்புக்கு மேடம்," என்றான்.

"யாருக்குப் பாதுகாப்பு? உனக்கா?"

சிரித்துவிட்டான். "கேட்டேன் மேடம், அது கொடுத்துச்சு." இப்படியே பத்துப் பேரும் தலையைச் சொறிந்துகொண்டு ஒத்துக்கொண்டு, திருப்பி எழுதப் போய்விட்டார்கள். செவ்வந்தி மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை.

செவ்வந்தி கல்வராயன் மலைக்காரி. வெள்ளிமலையைத் தாண்டி, பஸ் நிற்கிற இடத்திலிருந்து இன்னும் ஒரு மணி நேரம் நடந்து போகிற ஊர். கீழே டவுனில் அரசு விடுதியில் தங்கிப் படிக்கிறாள். முதல் பெஞ்ச். கேள்வி கேட்டால் பதில் சொல்வதற்கு முன்னால் எழுந்து நின்று, துப்பட்டாவைச் சரிசெய்து, அப்புறம்தான் வாயைத் திறப்பாள். அந்தப் பெண்ணைப் பிடிக்காத வாத்தியார் அந்தக் கல்லூரியில் கிடையாது. அதனாலேயே ஜெயசுதாவுக்குக் கோபம் கூடுதலாக வந்தது. நம்பினவள் ஏமாற்றினால் வருகிற கோபம் தனி.

மத்தியானம் லேபில் தெய்வசிகாமணி முன்னாலேயே விசாரணை நடந்தது.

"நீயா எழுதினே?"

"ஆமாங்க மேடம்."

"இந்தக் கமெண்டெல்லாம்? இவ்ளோ சுத்தமான இங்கிலீஷு?"

"நான்தாங்க மேடம் எழுதினேன்."

தெய்வசிகாமணி நாற்காலியை இழுத்துப் போட்டார். "சரி, உக்காரு. கம்மியானதுக்கு பதிலா ஜாஸ்தியானது எதுன்னு வர்ற மாதிரி மாத்து. உன்னோடதுன்னா அஞ்சு நிமிஷ வேல."

செவ்வந்தி உட்கார்ந்தாள். கீபோர்டின் மேல் கையை வைத்தாள், எடுத்தாள். "சார், ஒரு பேப்பர் கிடைக்குங்களா?"

"கம்ப்யூட்டர் லேப்ல பேப்பர் எதுக்கு? பிட்டா?"

அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தையில் பெண் சுருங்கிப்போனாள். எழுத்துகள் தப்புத் தப்பாக விழுந்தன. அழித்தாள், அடித்தாள், மறுபடி அழித்தாள். தெய்வசிகாமணி கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அஞ்சு நிமிஷம் முடிந்தபோது திரையில் ஒன்றுமே இல்லை.

"வார்டனை வூட்டுக்கு போன் போடச் சொல்லுங்க. வியாழக்கிழமை வரட்டும்," என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

செவ்வந்தி அழவில்லை. எழுந்து, நாற்காலியைப் பழைய இடத்தில் தள்ளிவிட்டு, ஜெயசுதாவிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "வூட்டுக்குச் சொல்லாம முடியாதுங்களா மேடம்? ஒரு பேச்சு வந்துச்சுன்னா படிப்பை நிறுத்திட்டு வந்துரணும்னு எங்கப்பா சொல்லித்தான் அனுப்பிச்சாரு."

ஜெயசுதா என்ன சொன்னாள் என்கிறீர்கள்? "அதை முன்னாடியே யோசிச்சிருக்கணும்," என்றாள். அப்படிச் சொன்ன வாயை நினைத்து அப்புறம் எத்தனை நாள் வருத்தப்பட்டாள் என்பது அவளுக்குத்தான் தெரியும்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை, சாப்பாட்டு நேரத்தில் தேவிப்ரியா வந்தாள். செவ்வந்தியோடு ஒரே அறையில் இருக்கிற பெண், வாய் கொஞ்சம் ஜாஸ்தி. அன்றைக்கு அந்த வாய் திக்கியது.

"மேடம், திட்டாதீங்க. என் பேருக்கு பச்சைதானே வந்துச்சு?"

ஜெயசுதா தாளைப் பார்த்தாள். தேவிப்ரியா, நான்கு. அப்பழுக்கில்லாத பச்சை.

"அது நான் எழுதினது இல்ல மேடம். ஏஐ கிட்டதான் கேட்டேன். 'முதல் வருஷப் பொண்ணு எழுதற மாதிரி கொடு, ஒண்ணு ரெண்டு ஸ்பெல்லிங் தப்பா போடு'ன்னு கேட்டேன். கொடுத்துச்சு."

"அடிப்பாவி!"

"நான் படுத்துக்கினு போன்ல கேட்டுக்கினு இருந்தேன். அவ தரையில உக்காந்து நோட்டுல எழுதிக்கினு இருந்தா. எழுதறா, அடிக்கிறா, எழுதறா, அடிக்கிறா. எனக்குப் பச்சை, அவளுக்குச் சிவப்பாம். நேத்துலேர்ந்து சோறு எறங்கல மேடம்." சொல்லிக்கொண்டே தேவிப்ரியா அழ ஆரம்பித்துவிட்டாள். குற்றவாளி தானே வந்து நிற்கிறாள், கண்ணைத் துடைத்துவிட வேண்டியதும் ஜெயசுதாவாகவே இருந்தது.

அவளை அனுப்பிவிட்டு, ஜெயசுதா டிபன் பாக்ஸை மூடி வைத்தாள். செவ்வந்தியின் ப்ரோகிராமை எடுத்தாள். நேற்று கோபத்தோடு பார்த்தாளே தவிரப் படித்தாளா? படிக்கவில்லை. இப்போது ஒவ்வொரு வரியாகப் படித்தாள். மூன்றாவது வரியில் நின்றாள்.

# Initialize the variable to zero
small = 999

மேலே இருக்கும் கமெண்ட், 'ஆரம்ப மதிப்பைப் பூஜ்ஜியமாக வைக்கிறோம்' என்கிறது. கீழே இருக்கும் வரியோ தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது வைக்கிறது. கமெண்ட் ஒன்று சொல்ல, கோடு, அதாவது கம்ப்யூட்டர் ஓட்டுகிற வரி, வேறொன்று செய்கிறது.

அவளுக்கு முதுகு நிமிர்ந்துகொண்டது. ஒரே மூச்சில் எழுதிக் கொடுக்கிற ஏஐ இப்படிச் செய்வது அபூர்வம். வரியையும் அதன் விளக்கத்தையும் சேர்த்தே எழுதுவதால் இரண்டும் பெரும்பாலும் ஒத்துப்போகும். ஒரு வரியை எழுதி, ஓட்டிப் பார்த்து, தப்பு என்று தெரிந்து, வரியை மட்டும் திருத்திவிட்டு, மேலே எழுதின விளக்கத்தை மறந்துவிடுவது மனுஷர் வேலை. ஜெயசுதாவே எம்.எஸ்ஸி. ப்ராஜெக்டில் இப்படிச் செய்து திட்டு வாங்கியிருக்கிறாள். அதோடு அந்த 999! விவரம் தெரிந்தவர் முதல் நாள் வெப்பநிலையையே ஆரம்பமாக வைப்பார். ஏஐயும் பெரும்பாலும் அப்படித்தான் செய்யும், இல்லையென்றால் இருப்பதிலேயே சின்னதைக் கண்டுபிடிக்கும் ரெடிமேட் கட்டளையைக் கொடுத்துவிடும். கைக்கு வந்த பெரிய எண்ணைத் தூக்கி வைப்பது, தானே தட்டுத்தடுமாறி வழி கண்டுபிடித்த பிள்ளையின் வேலையாகத்தான் இருக்கும்.

சந்தோஷத்தில் எழுந்தே விட்டாள். எழுந்தவள் அப்படியே உட்கார்ந்தாள். இந்த இங்கிலீஷ் வாக்கியத்தை எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறதே? கடைசி வரியின் கமெண்டும் அப்படித்தான் இருந்தது. 'இறுதி விடையைப் பயனருக்கு நேர்த்தியான வடிவில் காட்டுகிறோம்' என்று அர்த்தம் வருகிற ஒரு நீட்டு வாக்கியம். எந்த முதல் வருஷப் பிள்ளை, எந்த மனுஷர், இப்படிப் பேசும்?

பீரோவைத் திறந்து, ஜூலை மாதம் தான் பிள்ளைகளுக்கு ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்த பைத்தான் நோட்ஸை எடுத்தாள். முதல் பக்கம், ஐந்து பாடத்து மார்க்கைக் கூட்டும் ப்ரோகிராம். அதே வாக்கியம், எழுத்து பிசகாமல். 'பூஜ்ஜியமாக வைக்கிறோம்' என்ற அதே கமெண்ட். அதற்குக் கீழே total = 0. கூட்டலுக்குப் பூஜ்ஜியம் சரி. அங்கேயிருந்துதான் பெண் வரியைப் பிடித்திருக்கிறாள்.

அந்த நோட்ஸை எழுதியது யார்? ஜூலையில் ஒரே நேரத்தில் மூன்று பேப்பர் நடத்துகிற வேலை ஜெயசுதா தலையில் விழுந்தது. அவள் படித்தது சி, ஜாவா. பைத்தான் அவளுக்கே புதுசு. பதிமூன்று பக்க நோட்ஸை ஒரு மணி நேரத்தில் ஏஐயிடம் கேட்டு வாங்கி, தன் பெயரைத் தலைப்பில் போட்டுக் கொடுத்துவிட்டாள். அதோடு விட்டாளா? வகுப்பில் நின்று, "கமெண்டுன்னா இப்பிடி இருக்கணும். இதுல இருக்கற மாதிரி எழுதினாத்தான் மார்க்கு," என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாள். மற்ற பிள்ளைகள் காதில் வாங்கவில்லை. ஒருத்தி வாங்கிவிட்டாள்.

நோட்ஸின் முதல் பக்கத்தை அந்த வெப்சைட்டில் போட்டாள். தொண்ணூற்றெட்டு. ஒரு ஆசைக்கு, தான் கைப்பட எழுதிய பழைய எம்.எஸ்ஸி. ப்ரோகிராம் ஒன்றையும் போட்டாள். அதற்கு எழுபத்திரண்டு! அதைப் பார்த்துச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. பத்து வரிச் சின்ன ப்ரோகிராமை யார் எழுதினாலும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். அதை வைத்துக்கொண்டு ஒரு பெண்ணின் படிப்பை நிறுத்தப் பார்த்தோமே என்று அவளுக்குத் தன் மேலேயே ஆத்திரம் வந்தது.

புதன்கிழமை காலையில் விடுதிக்கே போனாள். செவ்வந்தி நோட்டை எடுத்துக் காட்டினாள். கம்ப்யூட்டர் லேபில் வாரத்துக்கு இரண்டு மணி நேரம்தான் கிடைக்கும். அதனால் அவள் எல்லாவற்றையும் முதலில் நோட்டில் எழுதி, ஒவ்வொரு நாளாக எண்ணைப் போட்டு விரல் வைத்து ஓட்டிப் பார்த்து, அப்புறம்தான் தட்டுவாள். கம்ப்யூட்டர் செய்ய வேண்டிய வேலையை எல்லாம் அந்தப் பெண் நோட்டிலேயே பென்சிலால் செய்து முடித்திருந்தாள்.

"இங்க ஜீரோன்னு போட்டு அடிச்சிருக்கியே?"

"நோட்ஸுல இருந்த மாதிரி முதல்ல ஜீரோதான் மேடம் போட்டேன். நான் எந்த எண்ணைக் கொடுத்தாலும் கம்மியானது ஜீரோன்னே வந்துச்சு. எங்க மலையிலகூட அவ்ளோ குளிரு கெடையாது மேடம்." முதல் தடவையாக லேசாகச் சிரித்தாள். "அப்புறம்தான் புரிஞ்சுது. ஜீரோவ விடக் கம்மியா எதுவும் வரலைன்னா அதுவேதான நிக்கும்? அதனால பெரிய நம்பரா வச்சுட்டேன்."

"சரி, மேல கமெண்ட்டுல ஜீரோன்னே இருக்கே. அதை ஏன்மா மாத்தலை?"

செவ்வந்தி துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டாள். "அது நீங்க எழுதிக் கொடுத்த வரி மேடம். அதைப் போயி நான் எப்பிடி மாத்தறது?"

அந்த வரி யாருடையது என்று ஜெயசுதா அங்கேயே சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வரவில்லை. "நாளைக்கு இந்த நோட்டை எடுத்துக்கினு வா," என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டாள். பஸ்ஸில் வரும்போது ஒரு கணக்குப் போட்டாள், அதையும் இங்கே மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அந்த 999 வரியைக் காட்டினாலே போதுமே, நோட்ஸைப் பற்றி எதற்குச் சொல்ல வேண்டும்? பெண்ணும் பிழைத்துக்கொள்வாள், தன் வேலையும் பிழைத்துக்கொள்ளும். நல்ல கணக்குத்தான்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்குத் துறைத்தலைவர் அறை வாசலில் செவ்வந்தியின் அம்மா ஆயம்மாள் நின்றிருந்தாள். விடியற்காலை நடந்து வந்து, முதல் பஸ்ஸைப் பிடித்து மலை இறங்கியிருக்கிறாள். கையில் ஒரு பெரிய பிளாஸ்டிக் கட்டைப்பை, காலியாக, நாலாக மடித்து.

"பை எதுக்கும்மா?" என்று ஜெயசுதா கேட்டாள்.

"பாப்பா துணிமணியெல்லாம் எடுத்துக்கினு கூட்டியாந்துருன்னு அவங்கப்பா சொன்னாருங்க டீச்சரு." சொல்லும்போது ஆயம்மாள் பையைத் தடவிக்கொண்டே இருந்தாள். "எம் பொண்ணு திருட மாட்டாங்க. இன்னா திருடிச்சுன்னும் எனக்குப் புரியல. கம்பூட்டர்ல இருந்து எடுத்துச்சாமே?"

செவ்வந்தி தலை நிமிரவில்லை.

உள்ளே போனார்கள். ஜெயசுதா நோட்டைக் காட்டினாள், 999 வரியைக் காட்டினாள், தேவிப்ரியாவுக்குப் பச்சை வந்த கதையைச் சொன்னாள். அதைக் கேட்டுத் தெய்வசிகாமணி தலையில் கை வைத்துக்கொண்டார். அவர் கெட்டவர் இல்லை. பிள்ளைகள் எதையும் சொந்தமாக எழுதாமலே டிகிரி வாங்கிக்கொண்டு போய்விடுமோ என்ற பயம் அவருக்கு, அது நியாயமான பயம்தான். நோட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"சரி மேடம், கோடு இவளுதுன்னே வச்சிக்குவோம். கமெண்ட்டு? அது எங்கேர்ந்து வந்துச்சு? அதுவும் ஏஐ கிட்ட வாங்கினதுன்னா பாதி தப்பு தப்புதானே?"

"மேடம் கொடுத்த நோட்ஸுலேர்ந்துங்க சார்," என்றாள் செவ்வந்தி.

தெய்வசிகாமணி சிரித்தார். "மேடம் நோட்ஸுக்கு எப்பிடிம்மா தொண்ணூத்தேழு வரும்? மேடம் இன்னா மிஷினா?"

அவர் விளையாட்டாகத்தான் கேட்டார். ஜெயசுதா சும்மா ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு, அந்த வெப்சைட்டே சரியில்லை சார் என்று சொல்லியிருந்தால் அதோடு போயிருக்கலாம். போயிருக்குமா? கமெண்டுக்கான பாதி மார்க் ஜீரோவாகவே நிற்கும். ஒரு பேச்சு வந்துவிடும். காலிப் பை நிறைந்துவிடும். ஆயம்மாள் இவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த நோட்ஸு நான் எழுதினது இல்ல சார்," என்றாள் ஜெயசுதா. "ஜூலையில மூணு பேப்பர் வந்துச்சு, பைத்தான் எனக்கும் சரியாத் தெரியல. ஏஐ கிட்ட கேட்டு வாங்கி என் பேரைப் போட்டுக் கொடுத்தேன். இப்பிடி எழுதினாத்தான் மார்க்குன்னு வேற சொன்னேன். அதை நெட்டுரு போட்டு, இவ கைப்பட எழுதியிருக்கா. ஏமாத்தினது நான் சார், இவ இல்ல."

செவ்வந்தி நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையை ஜெயசுதாவால் தாங்க முடியவில்லை. அதில் கோபம் இருந்திருந்தால்கூடத் தேவலை. இத்தனை நாள் மேடம் எழுதிய வரி என்று தொடாமல் வைத்திருந்தவளுக்கு அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை, அவ்வளவுதான்.

தெய்வசிகாமணி மேஜையிலிருந்து ஒரு வெள்ளைத்தாளை எடுத்துச் செவ்வந்தி பக்கம் தள்ளினார். பேனாவையும் வைத்தார்.

"அன்னைக்கு பேப்பர் கேட்டியே. எழுது. ஜாஸ்தியானது எதுன்னு."

"கமெண்ட்டு உன் வார்த்தையில எழுதும்மா," என்றாள் ஜெயசுதா. "தமிழ்லயே எழுது. ஹேஷ் போட்டுட்டா கம்ப்யூட்டர் அதைக் கண்டுக்காது."

செவ்வந்தி எழுதினாள். நோட்டும் பேனாவும் அவளுக்குப் பழகின இடம். ஆரம்பத்தில் பூஜ்ஜியம் வைத்து, அதற்கு மேல், 'பெருசைத் தேடணும்னா பூஜ்ஜியத்திலிருந்து ஆரம்பிக்கணும்' என்று எழுதினாள். ஏழு தடவை சுற்ற வைத்தாள். ஒவ்வொரு தடவையும் வந்த எண் கையிலிருப்பதைவிடப் பெரிசா என்று பார்க்க வைத்தாள். நாலு நிமிஷம்கூட ஆகவில்லை.

தெய்வசிகாமணி கண்ணாடியை இறக்கிவிட்டுப் படித்தார். "நம்ம ஊருக்குச் சரி. ஏழு நாளும் ஐஸ் கொட்டற ஊரு. எல்லாமே மைனஸு. அப்ப?"

செவ்வந்தி பென்சிலால் ஓட்டுவது போல விரலை வைத்து வரி வரியாக இறங்கினாள். "ஜீரோன்னு வரும் சார். ஜீரோ அவங்க கொடுக்கவே இல்ல. தப்பு." பூஜ்ஜியத்தை அடித்தாள். அந்த இடத்தில் மைனஸ் 999 என்று எழுதினாள். பேனாவை மூடினாள்.

ஜெயசுதாவுக்குப் பக்கென்றது. கோடு மாறிவிட்டது, மேலே கமெண்டில் பூஜ்ஜியம் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. சொல்லிக் கொடுக்கலாமா என்று வாயெடுத்தாள், தெய்வசிகாமணி கையைக் காட்டி நிறுத்தினார். செவ்வந்தி தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பேனாவை மறுபடி திறந்தாள். தான் எழுதிய வரியைத் தானே ஒரே கோடாக அடித்துவிட்டு, அதற்கு மேல் புதுசாக எழுதினாள்.

ஆயம்மாள் அஞ்சாவது வரைக்கும் படித்தவள். மகள் தோள் வழியாகக் குனிந்து, எழுத்துக்கூட்டி, சத்தமாகவே வாசித்தாள். "பெருசைத் தேடணும்னா... ரொம்ப ரொம்பச் சின்னதிலிருந்து... ஆரம்பிக்கணும்." நிமிர்ந்து துறைத்தலைவரைப் பார்த்தாள். "சரியாத்தானேங்க எழுதியிருக்குது? இதுல இன்னா தப்பு?"

"ஒரு தப்பும் இல்லம்மா," என்றார் தெய்வசிகாமணி. சிவப்புத் தாளை எடுத்து, செவ்வந்தியின் பெயருக்கு நேராக இருந்த தொண்ணூற்றேழை அடித்துவிட்டு, பக்கத்தில் முழு மார்க்கைப் போட்டார். "ஏம்மா, அன்னைக்கு பிட்டான்னு கேட்டுட்டேன். மனசுல வச்சிக்காத." அப்புறம் ஜெயசுதாவிடம் திரும்பினார். "நீங்க சொன்னதை எழுதிக் கொடுங்க மேடம். ஜூன்ல இன்னா ஆகும்னு என்னால இப்ப சொல்ல முடியாது. அடுத்த யூனிட் நோட்ஸையாவது நீங்களே எழுதுங்க, தப்பா இருந்தாலும் பரவால்ல."

"எழுதறேன் சார்," என்றாள். வேலையைப் பற்றி அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் மூன்று நாளாக நெஞ்சில் இருந்த கல் இறங்கியிருந்தது.

வெளியே வராந்தாவில் செவ்வந்தி அவள் பக்கத்தில் வந்து நின்றாள். "மேடம், உங்களுக்கும் பைத்தான் புதுசுங்களா?" என்று கேட்டாள்.

"ஆமாண்டி."

"அப்ப நோட்டுல எழுதிப் பாருங்க மேடம். அதுல தப்பு சீக்கிரம் தெரியும்." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஜெயசுதா அவள் தலையில் செல்லமாக ஒரு தட்டுத் தட்டினாள், கண் கலங்கியதை மறைக்க வேறு வழி தெரியவில்லை.

மத்தியானம் மலைக்குப் போகிற பஸ்ஸில் ஆயம்மாளை ஏற்றிவிட இரண்டு பேரும் போனார்கள். ஜன்னல் ஓரம் உட்கார்ந்ததும் அவள் மகள் எழுதிய அந்தத் தாளை வாங்கி இன்னொரு தடவை எழுத்துக்கூட்டினாள், செவ்வந்தியின் அப்பாவிடம் காட்ட வேண்டுமாம். பிறகு மடித்து, கொண்டுவந்த கட்டைப்பையை விரித்து அதற்குள் போட்டாள். அவ்வளவு பெரிய பையில் அந்த ஒரு தாள் மட்டும். அதை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள், பஸ் கிளம்பியது.